கம்பெனி பிறப்பதற்கு முன் போட்ட கையெழுத்து: ஒரு ஷெட், ஒரு மெஷின்

கோவையில் கம்பெனி செக்ரெட்டரியாக ப்ராக்டிஸ் செய்கிறேன். புதிதாகப் பிரைவேட் லிமிடெட் ஆரம்பிக்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பெயரோ மூலதனமோ அல்ல. "இதுவரைக்கும் எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் போட்டிருப்பார்கள். இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள், மெஷினுக்கு ஆர்டர் கொடுத்திருப்பார்கள், தெரிந்த பையன் ஒருவனுக்கு "அடுத்த மாசத்திலிருந்து வந்துடு" என்று வேலையும் கொடுத்திருப்பார்கள். கம்பெனி பதிவானதும் இதெல்லாம் தானாகவே கம்பெனி கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. சட்டத்தில் அப்படி எதுவும் தானாகப் போய்ச் சேர்வதில்லை.

இதை ஒரே ஆள், ஒரே வாரத்தில், ஒரே கம்பெனிக்காகப் போட்ட இரண்டு கையெழுத்துகளை வைத்துச் சொல்கிறேன். ஒன்று கம்பெனியுடையது ஆயிற்று. இன்னொன்று ஆகவில்லை. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இரண்டு நண்பர்கள். இருவரும் பம்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். சொந்தமாக சி.என்.சி. ஜாப் ஒர்க் யூனிட் போடலாம் என்று கிளம்பினார்கள். மூத்தவர் வேகமானவர். அரசூர் பக்கம் ஒரு ஷெட் பிடித்திருந்தார்: மாத வாடகை 60,000 ரூபாய், அட்வான்ஸ் 6 லட்சம், மூன்று வருடக் குத்தகை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், "கம்பெனி பதிவானதும் கம்பெனி பெயருக்குப் பத்திரம் பதிவு செய்து தருகிறேன்" என்று ஓனர் ஒரு அக்ரிமெண்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அதே வாரத்தில் ஒரு டீலரிடம் 32 லட்சத்துக்கு ஒரு வி.எம்.சி. மெஷினுக்கு பர்ச்சேஸ் ஆர்டர் கொடுத்து, தன் சேவிங்ஸ் அக்கவுண்டிலிருந்து 4 லட்சம் அட்வான்ஸும் அனுப்பிவிட்டார். இரண்டு காகிதத்திலும் "பதிவு செய்யப்படவுள்ள இன்ன பிரைவேட் லிமிடெட் சார்பாக" என்று எழுதி அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். என்னிடம் வந்தது அதற்கப்புறம்தான்.

"சார்பாக" என்றால் யார் சார்பாக? அந்தத் தேதியில் அந்தக் கம்பெனி என்று ஒன்றும் கிடையாது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள தேதியிலிருந்துதான் கம்பெனி ஒப்பந்தம் போடும் தகுதி பெறுகிறது. இல்லாத ஒருவருக்காக ஏஜெண்டாக இருக்க முடியாது.

சரி, பிறந்த பிறகு கம்பெனி ஒரு போர்டு தீர்மானம் போட்டுப் பழையதை ரேட்டிஃபை செய்துவிட்டால், அதாவது பின்னால் ஏற்று உறுதிசெய்துவிட்டால்? இதற்குத்தான் எல்லோரும் சட்டக் கல்லூரியில் படிக்கும் கெல்னர் எதிர் பாக்ஸ்டர் என்ற 1866ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கு. கிரேவ்ஸெண்டில் ஒரு ஹோட்டல் கம்பெனி ஆரம்பிக்கப்போவதாக மூன்று பேர், அந்தக் கம்பெனி சார்பாக என்று கையெழுத்துப் போட்டு 900 பவுண்டுக்கு ஒயின் வாங்கினார்கள். கம்பெனி பதிவானது, ரேட்டிஃபையும் செய்தது, ஒயினும் குடித்துத் தீர்ந்தது. பணம் கொடுக்கும் முன் கம்பெனி நொடித்துப்போனது. விற்றவர் அந்த மூன்று பேர் மீது வழக்குப் போட்டார். நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஒருவர் செய்ததை இன்னொருவர் பின்னால் வந்து ஏற்க வேண்டுமானால், அது செய்யப்பட்ட நேரத்தில் அந்த இன்னொருவர் இருந்திருக்க வேண்டும். கம்பெனி அப்போது இல்லை. ஆகவே ரேட்டிஃபை செய்தது செல்லாது, கையெழுத்துப் போட்டவர்களே பணம் கொடுக்க வேண்டும்.

இந்தியாவிலும் அடிப்படை விதி அதுதான். ஆனால் இங்கே ஒரு பக்கவாசல் இருக்கிறது. அது கம்பெனிகள் சட்டத்தில் இல்லை என்பதால் நிறையப் பேர் கண்ணில் படுவதில்லை. 1963ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்டில், 15ஆவது பிரிவின் (எச்) உட்பிரிவும் 19ஆவது பிரிவின் (இ) உட்பிரிவும்தான் அந்த வாசல். முந்தைய 1877ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இது வருகிறது. முதலாவது, கம்பெனி எதிர்த்தரப்பு மீது வழக்குப் போடலாம் என்கிறது. இரண்டாவது, எதிர்த்தரப்பு கம்பெனி மீது போடலாம் என்கிறது. இரண்டுக்கும் நிபந்தனைகள் ஒன்றே. ஒப்பந்தம் கம்பெனியின் நோக்கத்துக்காகப் போடப்பட்டிருக்க வேண்டும். கம்பெனி பதிவான விதிகளின் வரம்புக்குள், அதாவது நடைமுறையில் கம்பெனியின் நோக்கங்களைச் சொல்லும் மெமோராண்டத்துக்கும் உள்நிர்வாக விதிகளைச் சொல்லும் ஆர்ட்டிகிள்ஸுக்கும் உட்பட்டு, இருக்க வேண்டும். பதிவான பின் கம்பெனி அதை ஏற்றிருக்க வேண்டும். ஏற்றதை எதிர்த்தரப்புக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

கடைசியில் சொன்னதில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானம் அழகாக இருக்கும். ஆனால் எதிர்த்தரப்புக்கு ஒரு வரிகூடப் போயிருக்காது. மினிட்ஸ் என்பது கம்பெனி தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. ஷெட் ஓனருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வழியில்லை.

இந்த நண்பர்கள் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி பதிவுக்கான SPICe+ படிவத்தின் முதல் பகுதியில் பெயருக்கு விண்ணப்பித்தோம். முதலில் கேட்ட பெயர், ஏற்கெனவே இருக்கும் ஒரு கம்பெனியின் பெயரோடு ஒத்துப்போகிறது என்று நிராகரிக்கப்பட்டது. இரண்டாவதாகக் கொடுத்த பெயர் கிடைத்தது. விஷயம் என்னவென்றால், ஷெட் அக்ரிமெண்டிலும் பர்ச்சேஸ் ஆர்டரிலும் இருந்தது முதல் பெயர். இப்படி நடப்பது சகஜம். "இந்தப் பெயரில் அல்லது பதிவாளர் அனுமதிக்கும் வேறு பெயரில்" என்று அன்றைக்கே ஒரு வரி சேர்த்திருந்தால் கவலையே இல்லை. இல்லாத பட்சத்தில், பழைய காகிதத்தையும் புதிய கம்பெனியையும் இணைக்கும் வேலையைப் பின்னால் வேறொரு காகிதம் செய்தாக வேண்டும்.

பதிவு அலுவலக முகவரிக்காக ஓனரிடம் என்.ஓ.சி.யும் கரண்ட் பில்லும் வாங்கிப் பதிவேற்றினோம். அந்த என்.ஓ.சி.யையே ஒப்பந்தம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இந்த முகவரியைக் கம்பெனி அலுவலகமாகக் காட்ட எனக்கு ஆட்சேபணை இல்லை என்பதோடு அது முடிந்துவிடுகிறது. வாடகை எவ்வளவு, எத்தனை வருடம் என்பதெல்லாம் அதில் கிடையாது.

இதற்கிடையில் மூன்றாவதாக ஒருவர் உள்ளே வந்தார். பணம் போடுகிறவர். 40 சதவீதப் பங்கு, ஒரு டைரக்டர் பதவி. 10 லட்சத்துக்கு மேல் எந்தச் செலவானாலும் மூன்று டைரக்டரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று ஆர்ட்டிகிள்ஸிலேயே எழுத வைத்தார். பணம் போடுகிறவர் கேட்பது நியாயம்தான்.

பதிவுச் சான்றிதழ் வந்தது. முதல் போர்டு மீட்டிங்கை 30 நாளுக்குள் நடத்த வேண்டும். பதிவுக்கு முந்தைய ஒப்பந்தங்களை எடுத்துப் பார்க்கும் இடமும் அதுதான். ஷெட் அக்ரிமெண்டை மேசையில் வைத்தோம். மூன்று பேருக்கும் சம்மதம். தீர்மானத்தில் "ரேட்டிஃபை செய்கிறது" என்று நான் எழுதவில்லை. "இன்ன தேதியில் இன்னார், பதிவாகவிருந்த இந்தக் கம்பெனிக்காக, இன்ன ஓனரோடு செய்த அக்ரிமெண்டைக் கம்பெனி பரிசீலித்து அதன் எல்லா நிபந்தனைகளோடும் ஏற்றுக்கொள்கிறது, இந்த ஏற்பை ஓனருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க இன்ன டைரக்டருக்கு அதிகாரம் அளிக்கிறது" என்று எழுதினோம்.

அன்றைக்கே ஓனருக்கு ஒரு கடிதம். அதில் நான்கு விஷயங்கள் மட்டும் இருந்தன. கம்பெனி இன்ன எண்ணில் இன்ன தேதியில் பதிவாகியிருக்கிறது, சான்றிதழ் நகல் இணைப்பு. அக்ரிமெண்டில் இன்ன பெயரில் குறிப்பிடப்பட்ட, பதிவாகவிருந்த கம்பெனி இதுவே. பெயர் மட்டும் இப்படி மாறியது. அந்த அக்ரிமெண்டைப் போர்டு இன்ன தேதித் தீர்மானத்தால் ஏற்றிருக்கிறது, தீர்மான நகல் இணைப்பு. ஏற்கெனவே கொடுத்த 6 லட்சத்தை இனி கம்பெனியின் அட்வான்ஸாகக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி டெலிவரி ஆதாரத்தை எடுத்து வைத்தோம். கூடவே ஓனரின் வாட்ஸ்அப்புக்கும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவர் ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்பியிருந்தார். அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபைலில் சேர்த்தேன்.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. வேறு ஒரு பார்ட்டி 75,000 வாடகை தருவதாக ஓனரிடம் சொல்லியிருக்கிறார். ஓனர் மூத்த நண்பரைக் கூப்பிட்டார். "ஏனுங்க, நான் அக்ரிமெண்ட் போட்டது உங்ககூடதானே. இந்தக் கம்பெனி பேரே வேற. உங்க அட்வான்ஸை வாங்கிக்குங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. யாரோ விவரம் தெரிந்தவர் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், அதுவும் பாதிதான். பதிவுக்கு முந்தைய ஒப்பந்தத்தைக் கம்பெனி அமல்படுத்த முடியாது என்ற பழைய இங்கிலாந்து விதியை அப்படியே எடுத்தால் அவர் சொன்னது சரிதான்.

எங்கள் வக்கீல் 15(எச்) பிரிவைக் காட்டி, தீர்மானம், கடிதம், டெலிவரி ஆதாரம் மூன்றையும் வைத்து ஒரு பதில் அனுப்பினார். ஓனரும் தன் வக்கீலிடம் போனார். அந்த வக்கீல் கடிதத்தைப் படித்துவிட்டு, "இதை நீங்க வாங்கியிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாராம். அடுத்த வாரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் கம்பெனி பெயருக்கே பத்திரம் பதிவானது, பழைய வாடகைக்கே.

சொத்து விஷயத்தில் நீதிமன்றங்கள் இதைவிடவும் தாராளமாகப் போனதுண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் வீவர்ஸ் மில்ஸ் எதிர் பல்கிஸ் அம்மாள் என்று ஒரு வழக்கு. ஆல் இந்தியா ரிப்போர்ட்டரின் 1969ஆம் ஆண்டுத் தொகுதியில் இருக்கிறது. ப்ரொமோட்டர்கள், அதாவது கம்பெனியை ஆரம்பிக்கிறவர்கள், வரப்போகும் கம்பெனிக்காக என்று சொத்து வாங்கினார்கள். கம்பெனி பதிவான பிறகு சுவாதீனம் எடுத்துக் கட்டடமும் கட்டியது. ப்ரொமோட்டர்கள் கம்பெனிக்குத் தனியாகக் கிரயம் எழுதித் தரவில்லை என்பதற்காகக் கம்பெனியின் உரிமையைத் தள்ளிவிட முடியாது என்று தீர்ப்பானது. ஆனால் ஒரு தீர்ப்பு வரை போய் ஜெயிப்பதற்கும் ஒரு கடிதத்தோடு பிரச்சினை முடிவதற்கும் இடையே எத்தனை வருடம் என்பது கோர்ட் வாசல் மிதித்தவர்களுக்குத் தெரியும்.

இனி மெஷின். அதே முதல் போர்டு மீட்டிங்கில் பர்ச்சேஸ் ஆர்டரையும் வைத்தோம். மூன்றாமவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கொண்டுவரப்போகும் ஆர்டர்களுக்கு அந்த மெஷினின் டேபிள் அளவு போதாது, அதே விலைக்குப் பெரியது கிடைக்கும் என்றார். தொழில்நுட்பமாக அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆர்ட்டிகிள்ஸ்படி அவர் சம்மதம் இல்லாமல் தீர்மானம் நிறைவேறாது. தள்ளிவைத்தார்கள். பிறகு எடுக்கவே இல்லை.

டீலர் மெஷினை வரவழைத்துவிட்டார். பாக்கிப் பணத்தைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் கம்பெனிக்கு வந்தது. எங்கள் பதில் நேரடியானது: கம்பெனி இந்த ஆர்டரை ஏற்கவில்லை, ஏற்றதாக உங்களுக்குத் தெரிவிக்கவும் இல்லை, ஆகவே இது கம்பெனியின் ஒப்பந்தமே அல்ல.

அப்போதுதான் டீலர் ஒரு மின்னஞ்சலை எடுத்து நீட்டினார். பதிவுச் சான்றிதழ் வந்த சூட்டோடு, போர்டு மீட்டிங்குக்கு முன்னாலேயே, மூத்தவர் கம்பெனியின் புது மின்னஞ்சலிலிருந்து அனுப்பியது: "கம்பெனி பதிவாகிவிட்டது. பில்லை இந்தப் பெயரில் போடவும். டெலிவரி எப்போது?" எங்களுக்கு இது தெரியாது. அவரும் அதை ஒரு பொருட்டாக நினைத்திருக்கவில்லை.

இது ஏற்பும் அறிவிப்பும் ஆகுமா? இரண்டு பக்கமும் பேச இடம் இருக்கிறது. ஆர்ட்டிகிள்ஸ்படி அவருக்குத் தனியாக அந்த அதிகாரம் இல்லை என்பது நம் வாதம். ஆர்ட்டிகிள்ஸ் பொது ஆவணம். 10 லட்ச வரம்பை டீலர் எடுத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் போர்டுக்குள் மூன்று பேரும் சம்மதித்தார்களா இல்லையா என்பது உள்வீட்டு நடைமுறை. ஒரு டைரக்டர் கம்பெனி முகவரியிலிருந்து எழுதினால், உள்ளே நடக்க வேண்டியது நடந்திருக்கும் என்று நம்ப வெளியாளுக்கு உரிமை உண்டு என்பது டீலர் தரப்பு வாதம். எந்த நீதிபதி எப்படிப் பார்ப்பார் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. இன்றும் இதைத்தான் எல்லோரிடமும் முதலில் சொல்கிறேன்: சான்றிதழ் வந்த உற்சாகத்தில் சப்ளையருக்குக் கம்பெனி மின்னஞ்சலிலிருந்து எதுவும் அனுப்பாதீர்கள். போர்டு உட்காரட்டும்.

டீலருக்கு இன்னொரு வழியும் இருந்தது. அது மூத்தவரைத் தனிப்பட்ட முறையில் பிடிப்பது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 230ஆவது பிரிவு, சாதாரணமாக ஏஜெண்ட் சொந்தப் பொறுப்பில் மாட்ட மாட்டார் என்கிறது. ஆனால் யாருக்காகக் கையெழுத்துப் போட்டாரோ அவர் மீது, பெயர் வெளியே சொல்லப்பட்டிருந்தும், வழக்குப் போட முடியாத நிலை என்றால், ஏஜெண்டே பொறுப்பேற்கிறார் என்று அனுமானிக்கச் சொல்கிறது. பிறக்காத கம்பெனி மீது யார் வழக்குப் போட முடியும்? ஆகவே "சார்பாக" என்ற சொல் அவரைக் காப்பாற்றவில்லை. அதைத் தவிர்க்க வேண்டுமானால், கம்பெனி ஏற்காவிட்டால் எனக்குச் சொந்தப் பொறுப்பு இல்லை என்று ஆர்டரிலேயே எழுதி டீலரை ஒத்துக்கொள்ள வைத்திருக்க வேண்டும். எந்த டீலர் ஒத்துக்கொள்வார் என்பது வேறு கேள்வி.

கடைசியில் பேசித்தான் தீர்ந்தது. டீலர் அந்த மெஷினை வேறு ஒருவருக்கு 1 லட்சம் குறைத்து விற்றார். நடுவில் குடோன் வாடகை, வட்டி என்று 40,000 காட்டினார். முழு 4 லட்சத்தையும் பிடித்துக்கொள்வதாகத்தான் முதலில் சொன்னார். ஆனால் ஒப்பந்தம் முறிந்தால் உண்மையான நஷ்டத்துக்கு ஏற்ற நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்று அவருடைய வக்கீலே எடுத்துச் சொன்னார். 1.4 லட்சம் கழித்து 2.6 லட்சம் திரும்பி வந்தது.

அந்த 1.4 லட்சம் யார் தலையில்? "கம்பெனிக்காகத்தானே செய்தேன்" என்றார் மூத்தவர். "கம்பெனிக்கு அதில் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை" என்றார் மூன்றாமவர். பதிவுக்கு முன் ப்ரொமோட்டர் செய்த செலவைக் கம்பெனி திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. விரும்பினால் கொடுக்கலாம். அந்த மின்னஞ்சலால் கம்பெனிக்கும் ஒரு வழக்கு அபாயம் இருந்தது என்பதைக் காரணமாகக் காட்டிப் பாதியைக் கம்பெனி ஏற்றது. மீதி 70,000 மூத்தவர் கையிலிருந்து போனது. அவர்கள் நட்பில் இன்றும் அந்த எழுபதாயிரம் ஒரு மூலையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் கடிதம் அனுப்பிவிட்டால் எல்லாம் சரி என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட், பெயருக்கேற்ப, ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்ற வைக்கும் சட்டம். குத்தகை, நிலம் போன்றவற்றுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். வேலை ஒப்பந்தம் போல, நீதிமன்றம் கட்டாயப்படுத்தி நிறைவேற்ற வைக்காத ஒப்பந்தங்களுக்கு அந்த வாசல் உதவாது. ப்ரொமோட்டர் ஒரு மேனேஜருக்கு முன்கூட்டியே ஆஃபர் லெட்டர் கொடுத்திருந்தால், கம்பெனி பதிவான பின் கம்பெனி லெட்டர்ஹெட்டில் புதிய நியமன உத்தரவு கொடுத்து அவர் கையெழுத்தை வாங்குவதுதான் வழி. பணம் மட்டுமே பாக்கி என்கிற சப்ளை விவகாரங்களிலும் நான் இதையே செய்யச் சொல்வேன்: பழைய ஆர்டர் ரத்து, புதிய ஆர்டர் கம்பெனி பெயரில், ப்ரொமோட்டர் விடுவிப்பு, மூன்று தரப்பும் ஒரே காகிதத்தில் கையெழுத்து. முத்திரைத்தாள் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

புதிய காகிதம் எதுவும் போடாமல் கம்பெனி பொருளை வாங்கி உபயோகித்துவிட்டால் என்ன ஆகும் என்று சப்ளையர்கள் கேட்பதுண்டு. உபயோகித்ததனாலேயே பழைய ஒப்பந்தம் உயிர்பெறாது. 1886இல் நார்தம்பர்லாந்து அவென்யூ ஹோட்டல் கம்பெனி வழக்கில், பழைய ஒப்பந்தம் தன்னைக் கட்டுப்படுத்துகிறது என்று தவறாக நம்பிக் கம்பெனி இடத்தில் இறங்கிச் செலவும் செய்தது. அப்படியும் புதிய ஒப்பந்தம் பிறக்கவில்லை என்று இங்கிலாந்து நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே சப்ளையருக்குக் கைகொடுக்கக்கூடியது ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு. இலவசமாகக் கொடுக்க நினைக்காமல் ஒருவர் கொடுத்ததை மற்றவர் அனுபவித்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் ஒப்பந்த விலை அப்படியே கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. நியாயமான மதிப்பை அவர்தான் நிரூபித்தாக வேண்டும்.

ஆர்ட்டிகிள்ஸில் "இன்னாரோடு போட்ட ஒப்பந்தத்தைக் கம்பெனி ஏற்கும்" என்று ஒரு பாராவைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. ஆர்ட்டிகிள்ஸ் கம்பெனிக்கும் அதன் பங்குதாரர்களுக்கும் இடையிலானது. வெளியாள் அதை வைத்து உரிமை கேட்க முடியாது என்பது 1876ஆம் ஆண்டு ஈலி வழக்கிலிருந்தே நிலைத்த விஷயம். அந்தப் பாரா, ஒப்பந்தம் கம்பெனியின் வரம்புக்குள் வருகிறது என்று காட்ட உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

பதிவுக்கு முன் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய கட்டாயம் வரத்தான் செய்யும். நல்ல ஷெட் காத்திருக்காது. அப்படி வருகிறவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ப்ரொமோட்டர் இதைப் பதிவாகவிருக்கும் கம்பெனிக்காகச் செய்கிறார், அந்தக் கம்பெனி இந்தப் பெயரிலோ பதிவாளர் அனுமதிக்கும் வேறு பெயரிலோ இருக்கலாம். பதிவான 30 நாளுக்குள் கம்பெனி இதை ஏற்று எழுத்துமூலம் தெரிவித்தால், அன்றிலிருந்து எல்லா உரிமையும் பொறுப்பும் கம்பெனிக்கு, ப்ரொமோட்டர் விடுவிக்கப்படுகிறார். இன்ன தேதிக்குள் கம்பெனி பதிவாகாவிட்டாலோ, பதிவாகியும் ஏற்காவிட்டாலோ, இந்த ஒப்பந்தம் முடிவுக்கு வரும், அட்வான்ஸில் இவ்வளவு மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்." கடைசி வரியில் உள்ள தொகையைப் பேசி முடிவு செய்வதற்குத்தான் நேரம் பிடிக்கும். ஆனால் சண்டை வந்த பிறகு பேசுவதைவிட அப்போது பேசுவது சுலபம். அட்வான்ஸ் தொகையையும் முடிந்தவரை சின்னதாக வைக்கச் சொல்வேன். பதிவாகிவிட்டாலும், பங்குப் பணம் கம்பெனி அக்கவுண்டுக்கு வந்து அதை அறிவிக்கும் INC-20A படிவத்தைத் தாக்கல் செய்யும் வரை தொழில் தொடங்கவோ கடன் வாங்கவோ கம்பெனிக்கு அனுமதியில்லை. பேங்க் லோனை நம்பிப் பெரிய மெஷினுக்கு முன்கூட்டியே தேதி குறித்தால், அந்த இடைவெளியில் மாட்டுவது கையெழுத்துப் போட்டவர்தான்.

சிங்கப்பூரில் தொழில் செய்யும் ஒரு வாடிக்கையாளர் இதைக் கேட்டுவிட்டு, "எங்க ஊர்ல கம்பெனி ரேட்டிஃபை பண்ணினா முடிஞ்சதுங்களே" என்றார். அங்கே உண்மையிலேயே அப்படித்தான். கம்பெனிகள் சட்டத்திலேயே, பதிவுக்கு முந்தைய ஒப்பந்தத்தைக் கம்பெனி பின்னால் ஏற்கலாம், ஏற்கும் வரை வேறு உடன்பாடு இல்லாவிட்டால் கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இலங்கையின் 2007ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டமும் அப்படி ஏற்க வழி வைத்திருக்கிறது. நம் 2013 சட்டத்தில் அந்த மாதிரி ஒரு பிரிவு இல்லை. ஆகவே அவருடைய கோவைக் கம்பெனிக்கு, அவர் ஏற்கெனவே போட்டிருந்த இரண்டு ஒப்பந்தங்களுக்கும் தனித்தனித் தீர்மானமும் தனித்தனிக் கடிதமும் தயார் செய்து, டெலிவரி ஆதாரத்தோடு ஃபைலில் வைத்தோம்.